கூப்பன் எண்ணைக் கத்திக்கு ஏத்தபடி போடுங்க

பொங்கல் விழா, ஆண்டு விழா, பள்ளி நிதிக்காக ஒரு சாப்பாட்டுச் சந்தை. ஹோம்புஷ் ஆனாலும் சரி, டாண்டினாங் ஆனாலும் சரி, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு இது வருஷா வருஷம் வரும் வேலை. அதுல ஒரு சின்ன வேலை எப்பவும் "ஐடில இருக்கிற பிள்ளை" தலையில வந்து விழும்: "எண்ணூறு கூப்பன் வேணும், ஒரு தாளுக்கு எட்டு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுக் குடுங்க." அரை மணி நேர வேலை மாதிரித்தான் தெரியும். நம்மில் பெரும்பாலானவங்க அதைத் தப்பான வரிசையில செஞ்சு குடுக்கிறோம் என்பதுதான் இந்த வாரக் கட்டுரையில என் வாதம்.

தப்புன்னு நான் சொல்றது டிசைனை இல்லை. எண்கள் எந்த வரிசையில தாளில் உட்காருதுங்கிறதை. திரையில் பார்க்கும்போது சரியா இருக்கும் வரிசை, கத்தி பட்ட பிறகு கலைஞ்சு போயிடும். கலைஞ்ச எண்ணால் கணக்குப் பார்க்க முடியாது. கணக்கு வராட்டி, சந்தேகம் ஏதோ ஒரு ஆள் மேல விழும். சின்ன சமூகத்தில அந்த ஆள் யாரோ ஒரு அத்தையா, உங்க நண்பனோட அம்மாவா இருப்பாங்க. எண்பது டாலர் பெரிய பணம் இல்லை. ஆனா "அந்த எண்பது டாலர் எங்க போச்சு" என்ற பேச்சு பல வருஷம் நிக்கும்.

முதல்ல, சிக்கல் என்னன்னு ஒரு கணக்கோடு பார்ப்போம்.

ஏ4 தாளை இரண்டு பத்தி, நாலு வரிசையாப் பிரிச்சா எட்டுத் துண்டு வரும். ஒவ்வொண்ணும் சுமார் 105 மி.மீ. அகலம், 74 மி.மீ. உயரம். இதுதான் ஏ7 அளவு. கையில் பிடிக்க வசதி, தாளும் வீணாகாது. 800 கூப்பன் வேணும்னா 100 தாள் போதும்.

எதுவும் யோசிக்காம செஞ்சா முதல் தாளில் 1 முதல் 8 வரை, அடுத்த தாளில் 9 முதல் 16 வரைன்னு ஓடும். கம்ப்யூட்டர் திரையில் அழகா இருக்கும். இப்போ 100 தாளையும் அடுக்கி, கத்தியில வெட்டுங்க. உங்க முன்னால எட்டுக் கட்டு இருக்கும், கட்டுக்கு நூறு கூப்பன். இடது மேல் மூலையில் இருந்து வந்த கட்டைப் புரட்டினா 1, 9, 17, 25... கடைசியில 793. பக்கத்துக் கட்டு 2, 10, 18... இப்படியே எட்டுக் கட்டும். ஒரு கட்டில்கூட அடுத்தடுத்த இரண்டு எண்கள் சேர்ந்து இருக்காது. 1 முதல் 800 வரை வரிசையா வேணும்னா எண்ணூறு துண்டையும் கையால் அடுக்கணும். விழாவுக்கு முதல் நாள் ராத்திரி யாரும் அதைச் செய்ய மாட்டாங்க. கலைஞ்சபடியே கவுண்டருக்குப் போயிடும்.

சரியான வழி, எண் தாளுக்குக் குறுக்கே ஓடாம, அடுக்குக்குள்ள கீழ்நோக்கி ஓடுறதுதான். முதல் தாளில் இருக்க வேண்டியது இது:

```
001  101
201  301
401  501
601  701
```

இரண்டாவது தாளில் 002, 102, 202ன்னு எல்லா இடத்திலும் ஒண்ணு கூடும். நூறாவது தாளில் 100, 200, 300... கடைசியா 800. இதை அடுக்கி வெட்டினா முதல் கட்டு 001 முதல் 100 வரை, இரண்டாவது கட்டு 101 முதல் 200 வரை. எட்டுக் கட்டையும் ஒண்ணுக்கு அடியில ஒண்ணா வெச்சா 001 முதல் 800 வரை முழு வரிசை. கையால் அடுக்கிற வேலையே இல்லை.

புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது பழைய நண்பர்தான். ஒரே எண்களை 100 வரிசை, 8 பத்தி உள்ள அட்டவணையில் வரிசை வரிசையா நிரப்புவதா, பத்தி பத்தியா நிரப்புவதா என்ற கேள்வி. சி மொழி முதல் வழியில அடுக்கும், ஃபோர்ட்ரான் இரண்டாவது வழியில அடுக்கும். தாள் ஒரு வரிசை, தாளில் உள்ள இடம் ஒரு பத்தி. கத்தி எப்பவும் பத்தி பத்தியாத்தான் படிக்கும். அதனால எழுதும்போதும் பத்தி பத்தியா எழுதணும். அவ்வளவுதான்.

சுவாரஸ்யம் என்னன்னா, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னால இந்தத் தப்பு தானாவே நடக்காது. ஈய எழுத்தில் அச்சடிச்ச காலத்தில், சிவகாசியில் ஆகட்டும், யாழ்ப்பாணத்தில் ஆகட்டும், எண் போடுறதுக்கு ஒரு சின்ன இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே இலக்கச் சக்கரங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் "நெ." மாதிரியான எழுத்தே ஒரு பொத்தானா மேலே துருத்திக்கிட்டு இருக்கும். அச்சு அழுத்தும்போது அதுவும் அமுங்கி, சக்கரம் ஒரு எண் நகரும். ஒரு தாளில் எட்டு டிக்கெட் அடிக்கணும்னா, அச்சுக்கோப்பவர் எட்டுப் பெட்டியை வெச்சு ஒவ்வொண்ணையும் வேற எண்ணில் தொடங்குவார்: 1, 101, 201... ஒவ்வொரு தாளுக்கும் எல்லாப் பெட்டியும் ஒண்ணு நகரும். அந்தப் பெட்டி சாதாரணமா ஒண்ணொண்ணாத்தான் எண்ணும். நாம கத்துக்கணும்னு சொல்ற வரிசை, அந்தக் காலத்தில் கருவியோட குணமாவே இருந்துச்சு. வேர்டும் எக்செல்லும் வந்தப்போதான் இடமிருந்து வலமா நிரப்புற பழக்கம் வந்து இதைக் கெடுத்துச்சு.

சரி, வேர்டிலேயே இதைச் செய்யலாமா? செய்யலாம். எண்களை முன்கூட்டியே மாற்றி அடுக்கிக் குடுத்துட்டா போதும், வேர்ட் தன் பழக்கப்படியே நிரப்பட்டும். எக்செல்லில் A1ல் `Number`ன்னு தலைப்பு போடுங்க. A2ல் இந்தச் சூத்திரம்:

```
=TEXT(MOD(ROW()-2,8)*100+INT((ROW()-2)/8)+1,"000")
```

அதை A801 வரை இழுத்து விடுங்க. இதில் 8 என்பது தாளுக்கு எத்தனை கூப்பன், 100 என்பது எத்தனை தாள். முதல் எட்டு வரியில் 001, 101, 201... 701 வரும். ஒன்பதாவது எண் 002. கடைசி வரியில் 800 இருந்தா சூத்திரம் சரி. `TEXT` போடுறது முன்னால வரும் பூஜ்ஜியம் தொலைஞ்சு போகாம இருக்க.

அப்புறம் வேர்டில் `Mailings`, `Start Mail Merge`, `Labels`. புது லேபிள் அளவு ஒண்ணு உருவாக்கி, குறுக்கே 2, கீழே 4, அகலம் 10.5 செ.மீ., உயரம் 7.4 செ.மீ. குடுங்க. முதல் கட்டத்தில் மட்டும் விழாப் பெயர், விலை, எண்ணுக்கான இடம் எல்லாம் வெச்சுட்டு `Update Labels` அழுத்தினா மற்ற ஏழு கட்டத்துக்கும் அதுவே போகும். அந்தக் கட்டங்களில் `«Next Record»` என்று ஒண்ணு தானா வந்து உட்காரும். அதை அழிக்காதீங்க. அது இல்லாட்டி எட்டு இடத்திலும் ஒரே எண் வரும்.

நேரா பிரிண்டருக்கு அனுப்பாதீங்க. `Finish & Merge` போய் `Edit Individual Documents` எடுத்து, வர்றதை பிடிஎஃப் ஆக்குங்க. அந்த பிடிஎஃபில் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, சரியா 100 பக்கம் இருக்கா? வேர்ட் அட்டவணைக்குப் பின்னால ஒரு வெற்றுப் பத்தியை வைக்கும், இடம் போதாட்டி அது அடுத்த பக்கத்துக்குத் தாவி வெள்ளைப் பக்கமா வரும். வெள்ளைப் பக்கம் வந்தா அந்தப் பத்தியின் எழுத்தளவை 1 ஆக்குங்க, போயிடும். இரண்டாவது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எட்டு எண்ணுக்கும் கடைசி இரண்டு இலக்கம் ஒண்ணா இருக்கணும். 37ஆவது பக்கத்தில் 037, 137, 237... 737. இந்த ஒரு பார்வையிலேயே வரிசை சரியா தப்பான்னு தெரிஞ்சுடும். கணக்குத் தெரியாதவங்ககிட்ட குடுத்தும் சரிபார்க்கச் சொல்லலாம்.

அச்சடிக்கும்போது `Fit` வேண்டாம், `Actual size` தேர்ந்தெடுங்க. பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் ஓரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் விட்டுத்தான் அடிக்கும். அதனால எழுத்தை ஒவ்வொரு கூப்பனின் ஓரத்திலிருந்தும் 7 மி.மீ. உள்ளே வைங்க. கூப்பனைச் சுத்திக் கட்டம் போடாதீங்க. தாள் ஒரு மில்லிமீட்டர் சாய்ஞ்சு போனாலும் கட்டம் அதைக் காட்டிக் குடுக்கும். கட்டம் இல்லாட்டி யார் கண்ணுக்கும் தெரியாது.

வெட்டுறது அச்சுக்கடையில் என்றால் 100 தாளையும் ஒரே அடுக்கா வெட்டிடுவாங்க. வீட்டில் இருக்கும் சின்ன கில்லட்டின் பத்துத் தாளுக்கு மேல் தாங்காது. அப்போ பத்துப் பத்துத் தாளா எடுங்க. முதல்ல மூணு வெட்டில் நாலு நீளப் பட்டை, பிறகு ஒவ்வொரு பட்டையையும் நடுவில் வெட்டணும். பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு வெட்டாதீங்க, அங்கதான் கட்டுகள் கலக்கும். மேசையில் எட்டு இடம் ஒதுக்கி, முதல் பத்துத் தாளின் துண்டுகளை அந்தந்த இடத்தில் வைங்க. அடுத்த பத்து வரும்போது அதை அந்தந்தக் கட்டுக்கு அடியில் சேர்க்கணும். மேலே வெச்சா 011 முதல் 020 வரை, 001க்கு மேல போயிடும்.

நூறு தாளையும் செலவழிக்கிறதுக்கு முன்னால மூணு தாளில் ஒத்திகை பாருங்க. சூத்திரத்தில் 100ஐ 3 ஆக்கி, A25 வரை இழுத்தா 24 கூப்பன். அச்சடிச்சு, வெட்டி, எட்டுக் கட்டையும் சேர்த்தா 001 முதல் 024 வரை வரிசையா வரணும். வராட்டி, பெரும்பாலும் உங்க பிரிண்டர் தாளை முகம் மேல வெச்சுத் தள்ளுது, கடைசித் தாள் மேல இருக்குன்னு அர்த்தம். பிரிண்ட் அமைப்பில் பக்க வரிசையைத் தலைகீழா மாத்தினா போதும்.

இப்போ இவ்வளவு மெனக்கெட்டதுக்கு என்ன பலன்?

தமிழ்நாட்டுக்குப் போனப்போ பழைய பஸ் கண்டக்டரைப் பார்த்திருப்பீங்க. கைக்கருவி வர்றதுக்கு முன்னால அவர் கையில் விலைக்கு ஒரு கட்டு டிக்கெட் இருக்கும், எல்லாம் எண் வரிசையில். பயணம் தொடங்கும்போது ஒவ்வொரு கட்டிலும் மேலே இருக்கும் எண்ணை ஒரு தாளில் குறிப்பார். முடியும்போது மறுபடி குறிப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வித்த டிக்கெட். அதை விலையால் பெருக்கினா பையில் இருக்க வேண்டிய பணம். நடுவில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினாலும் மேலே இருக்கும் எண்ணைப் பார்த்தாலே போதும், ஒவ்வொரு டிக்கெட்டா எண்ண வேண்டியதில்லை. முழு ஏற்பாடும் ஒரே ஒரு நிபந்தனையில் நிக்குது: கட்டுக்குள்ள எண் தொடர்ச்சியா இருக்கணும்.

பள்ளி விழாவிலும் அதையே செய்யலாம். நூறு கூப்பன் கட்டை 25 வீதம் நாலாப் பிரிச்சு கிளிப் போடுங்க. கூப்பன் 5 டாலர்னா ஒரு சின்னக் கட்டு 125 டாலர். யாருக்கு எந்த எண் முதல் எந்த எண் வரை குடுத்தோம்னு ஒரு தாளில் எழுதி, வாங்கினவங்க கையெழுத்து. முடிஞ்சதும் மேலே மிச்சம் இருக்கும் எண்ணை எழுதணும்.

மூணு கவுண்டர்னு வெச்சுப்போம். முதல் கவுண்டருக்கு 001–100. முடிவில் மேலே இருப்பது 088. அப்போ வித்தது 87, பணம் 435 டாலர். இரண்டாவது கவுண்டருக்கு 101–200, அது தீர்ந்து 201–300 குடுத்தோம். மேலே இருப்பது 246. வித்தது 145, பணம் 725 டாலர். மூணாவது கவுண்டருக்கு 301–400. மேலே இருப்பது 363. வித்தது 62, பணம் 310 டாலர். மொத்தம் 294 கூப்பன், 1470 டாலர்.

இப்போ ரொக்கத்தையும் கார்டில் வந்ததையும் சேர்த்துப் பார்த்தா முதல் இரண்டு கவுண்டரும் சரி, மூணாவதில் 290 டாலர்தான் இருக்கு. 20 டாலர் குறையுது, அதாவது சரியா நாலு கூப்பன். நெரிசலில் ஒரு குடும்பத்துக்கு நாலு கூப்பன் குடுத்து, கார்டு மெஷினில் பணம் ஏறாமலே போயிருக்கலாம். அன்னிக்கே, அந்த மேசையிலேயே அந்தப் பேச்சு முடிஞ்சுடும். எண் இல்லாட்டி இதே இருபது டாலர், "மொத்தத்தில் ஏதோ குறையுது" என்ற வடிவத்தில் மூணு பேர் மேலயும் தொங்கும்.

கடைகள் பக்கமும் ஒரு சோதனை உண்டு. தோசைக் கடை, கொத்துக் கடை, எல்லாக் கடையும் வாங்கின கூப்பனைக் குடுத்துப் பணம் வாங்குவாங்க. மொத்தம் 281 வந்தா கவலை இல்லை, மிச்சம் 13 யாரோட பாக்கெட்டிலோ இருக்கு. 310 வந்தா? வித்ததே 294. அப்போ நகல் புழங்கியிருக்கு, அல்லது அதே பிடிஎஃபை யாரோ இரண்டு தடவை அச்சடிச்சிருக்காங்க. ஒரே எண் இரண்டு தடவை வந்திருக்கான்னு தேடினா தெரிஞ்சுடும். இதைத் தவிர்க்க, நிறத்தாளில் அடிச்சு, கறுப்பு அல்லாத மையில் பள்ளி முத்திரை குத்துங்க. கோப்பு ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கட்டும். கூடுதலா வேணும்னா 801ல் தொடங்கணும், பழைய கோப்பை மறுபடி அனுப்பக் கூடாது.

"கலைஞ்ச கட்டிலும் கணக்குப் போடலாமே"ன்னு நம்ம கூட்டத்தில் ஒருத்தர் கேட்பார். 1, 9, 17ன்னு போகும் கட்டில் மேலே 105 இருந்தா, 1ஐக் கழிச்சு 8ஆல் வகுத்தா 13 வித்திருக்கு. கணக்கு சரிதான். ஆனா ஒரு கவுண்டருக்கு "1 முதல் 193", அடுத்த கவுண்டருக்கு "2 முதல் 194"ன்னு எழுதணும். இரண்டு பேர்கிட்டயும் இருக்கும் எண்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கிடக்கும். 150ஆம் எண் கூப்பன் யார் வித்ததுன்னு கேட்டா வகுத்து மிச்சம் பார்க்கணும். ராத்திரி ஒன்பது மணிக்கு, பாத்திரம் கழுவிக்கிட்டே கணக்குப் பார்க்கிறவங்களுக்கு அதைக் குடுக்கக் கூடாது. கழித்தல் மட்டும் போதும்னு இருக்கிற ஏற்பாடுதான் நிக்கும்.

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது: 2020களில் எதுக்குத் தாள்? நுழைவு டிக்கெட்டுக்கு ட்ரைபுக்கிங் இருக்கு, பணத்துக்கு ஸ்கொயர் இருக்கு. நுழைவுக்கு நானும் ஆன்லைன்தான் சொல்வேன். ஒரே வாசல், ஒரே ஸ்கேனர், வேலை முடிஞ்சுது. சாப்பாட்டுக் கடை வேற மாதிரி. ஆறு கடை இருந்தா ஆறு ஃபோன். க்யூஆர் குறியீட்டைச் சும்மா படிச்சா போதாது, வேற கடையில் ஏற்கெனவே அது செலவாயிடுச்சான்னும் கேட்கணும். அதுக்கு ஆறு ஃபோனும் ஒரே பட்டியலோடு அந்த நொடியில் பேசணும், ஆயிரம் பேர் நிக்கிற மைதானத்தில், எல்லாரும் வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கும்போது. தாள் கூப்பனில் அந்தச் சிக்கலே இல்லை. குடுத்துட்டா கையில் இல்லை. இரண்டு தடவை செலவழிக்க முடியாதுங்கிறதைத் தாளே பார்த்துக்கும்.

எண் ஒதுக்கீடும் அப்படித்தான். பெரிய டேட்டாபேஸ்களில் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எண் குடுக்கணும்னா, ஒவ்வொரு எண்ணுக்கும் மையத்தைக் கேட்காம, ஆளுக்கு ஒரு தொகுதியை முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கும். ஒண்ணு 1 முதல் 100, இன்னொண்ணு 101 முதல் 200. நடுவில் சில எண் செலவாகாம நின்னாலும் பரவாயில்லை, மோதல் வராது. கவுண்டருக்குக் கட்டுக் கட்டா கூப்பன் குடுக்கிறதும் அதே வேலைதான், வைஃபை இல்லாம.

இந்த வரிசைக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லணும். வெட்டுறதுக்கு முன்னால ஒரு தாள் சிக்கிக் கிழிஞ்சா, அது ஒரு கட்டில் எட்டு எண்ணைக் கெடுக்காது, எட்டுக் கட்டிலும் ஒவ்வொரு எண்ணைக் கெடுக்கும். 37ஆவது தாள் போச்சுன்னா 037, 137, 237 என்று எல்லாக் கட்டிலும் ஓட்டை. கழித்தல் கணக்கு ஒவ்வொரு கட்டிலும் ஒண்ணு பிசகும். நல்லவேளை, இந்தத் தப்பு தன் முகத்தைத் தானே காட்டும்: எட்டுக் கட்டிலும் ஒரே கடைசி இரண்டு இலக்கம் காணோம்னா அது தொலைஞ்ச தாள், வேற எதுவும் இல்லை. பிடிஎஃபில் 37ஆவது பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடிச்சு அடுக்கில் அதே இடத்தில் செருகுங்க. கிழிஞ்ச தாளைப் பிரிண்டர் பக்கத்தில் விட்டுட்டுப் போகாம கிழிச்சுப் போடுங்க, இல்லாட்டி அதில் நல்லா இருக்கும் துண்டு யார் கையிலாவது கிடைக்கும். பிரிண்டர் இரண்டு தாளை ஒண்ணா இழுத்தா வேற அடையாளம்: எண் எதுவும் குறையாது, எட்டுக் கட்டிலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அதை எடுத்துப் போட்டா போதும்.

எண்ணிக்கையும் உருண்டையா இருக்கணும். 750 கூப்பன்தான் வேணும்னா 94 தாளில் அடங்கும், ஆனா கட்டுகள் 95லயும் 189லயும் தொடங்கும், 25ஆப் பிரிச்சா மிச்சம் விழும். ஆறு தாளை மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்? 100 தாள் அடிங்க. தாள் எண்ணிக்கை, சின்னக் கட்டின் அளவால் மீதியில்லாம வகுபடணும். அது ஒண்ணுதான் விதி.

ரேஃபிள் டிக்கெட் என்றால் கூடுதலா அடிக்கட்டை வேணும், பெயரும் ஃபோன் எண்ணும் எழுத. டிசைனில் எண்ணை இரண்டு தடவை வெச்சா போதும், வரிசை இதேதான். ஆனா ரேஃபிளுக்கு நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தனித்தனி அரசு விதிகள் உண்டு, டிக்கெட் அடிக்கிறதுக்கு முன்னால பள்ளிக் குழு அதைப் படிச்சுடணும். சாப்பாட்டுக் கூப்பனுக்கு அடிக்கட்டை வேண்டாம் என்பது என் கருத்து. மேலே மிச்சம் இருக்கும் எண்ணே அந்த வேலையைச் செஞ்சுடுது, கிழிக்கிற நேரமும் மிச்சம்.

அடுத்த தடவை யாராவது "சும்மா நம்பர் மட்டும் போட்டுக் குடு தம்பி"ன்னு கேட்டா, இரண்டு கேள்வி திருப்பிக் கேளுங்க: எத்தனை கவுண்டர், ஆளுக்கு எத்தனை கூப்பன் குடுப்பீங்க? அந்தப் பதிலில் இருந்து கட்டின் அளவு வரும், கட்டின் அளவில் இருந்து தாள் எண்ணிக்கை வரும், அதில் இருந்து சூத்திரத்தில் உள்ள 100 வரும். டிசைனும் எழுத்துருவும் அதுக்கு அப்புறம்.